மதியம் மேடான கல், காலையில் மேடில்லை

உச்சிப்புளி ஒர்க்ஷாப்
விசைப்படகு எஞ்சின் வேலை எங்களுக்கு. ஹெட், பம்ப் பாடி எல்லாம் கிரானைட் சர்ஃபேஸ் பிளேட்டில் வைத்துத்தான் பார்ப்போம். பிளேட் 1000 × 750, கனம் 150 மி.மீ. அதன் சமதளத்தை நானே பார்த்துவிடலாம் என்று மதுரையிலிருந்து ஒரு எலக்ட்ரானிக் லெவலை வாடகைக்கு எடுத்து வந்தேன்.

லெவலின் கால்களுக்கு இடையே 100 மி.மீ. கல்லின் ஓரத்தை விட்டுவிட்டு 800-க்கு 600 கட்டம் போட்டேன். மூலைவிட்டம் சரியாக 1000 வந்துவிடும், எந்தக் கோட்டிலும் அரைகுறை அடி இருக்காது. மூலைவிட்டம் இரண்டு, ஓரம் நான்கு, நடுவில் இரண்டு, மொத்தம் எட்டுக் கோடுகள். ஸ்ட்ரெயிட் எட்ஜை ஒட்டி லெவலை ஒவ்வொரு அடியாக நகர்த்தினேன். முன்னங்கால் நின்ற இடத்தில் அடுத்த முறை பின்னங்கால் நிற்க வேண்டும்.

நீளவாக்கு நடுக்கோட்டில் மீட்டருக்கு இத்தனை மைக்ரான் என்று வந்த ரீடிங்: 52, 48, 45, 41, 38, 34, 31, 27. சராசரி 39.5. அது பிளேட்டின் சாய்வு, அதைக் கழித்துவிடலாம். மிச்சத்தைப் பத்தால் வகுத்தால் அந்த 100 மி.மீ.க்கான ஏற்றம் கிடைக்கும். முதல் நான்கையும் கூட்டினால் நடுவில் 2.8 மைக்ரான் மேடு. எட்டுக் கோட்டையும் சேர்த்து வரைபடம் போட்டபோது மொத்த வித்தியாசம் 9 மைக்ரான். DIN 876 கிரேடு 0-க்கு இந்த நீளத்தில் 8 தான் எல்லை. கல் போய்விட்டதா?

கீழக்கரை பிட்டர்
அண்ணே, நாலு ஜாக்கியையும் திருகி ரீடிங்கைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவாங்க, மேடு போயிடும்.

அளவுக்காரர்
தம்பி, லெவல் பண்ணிவிட்டு ஆரம்பிப்பது நல்லதுதான், கருவியின் அளவெல்லைக்குள் ரீடிங் நிற்கும். ஆனால் சாய்வு வேறு, மேடு வேறு. சாய்வு கணக்கிலேயே கழிந்துவிடுகிறது. அப்புறம், கல் உட்கார வேண்டியது மூன்று புள்ளியில். நான்காவதை இறுக்கினால் கல்லே முறுக்கிக்கொள்ளும். அது கவிழாமல் இருக்கத்தான், தொடாமல் விட்டுவிடுங்கள்.

உச்சிப்புளிக்காரரே, ரீடிங் ஒரே சீராகக் குறைகிறது பாருங்கள். தேய்மானம் அப்படி இருக்காது. தேய்ந்த கல்லில் நீங்கள் தினமும் வேலை வைக்கும் இடத்தில் மட்டும் பள்ளம் விழும். எத்தனை மணிக்கு எடுத்தீர்கள்? மேலே தகரக் கூரையா?

உச்சிப்புளி ஒர்க்ஷாப்
தகரம்தான். மதியம் இரண்டு மணி இருக்கும்.

அளவுக்காரர்
அதுதான். கல்லின் மேல்பக்கம் சூடாகி, அடிப்பக்கம் குளிர்ச்சியாக இருந்தால் நடு எழும்பும். உங்கள் கனத்துக்கு, 800 மி.மீ. கோட்டில் ஒரு டிகிரிக்குச் சுமார் 3 மைக்ரான். மூலைவிட்டத்தில் 5 வரும். மேலேயும் கீழேயும் வெப்பமானியை ஒட்டிப் பாருங்கள்.

எனக்கு நேர்ந்தது இதற்கு நேர்மாறு. மண்டபம் பக்கம் ஒரு இடத்தில், உப்புத்தூசி படிகிறது என்று பையன் ஈரத்துணியால் துடைத்து வைத்திருந்தான். நான் உடனே அளந்தேன். ஈரம் ஆவியாகி மேல்பக்கம் குளிர்ந்ததில் நடு பள்ளமாகக் காட்டியது. சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் பாதிப் பள்ளத்தைக் காணோம்.

தொண்டி வீடு
எங்க வீட்டு ஹால்லயும் கிரானைட் போட்டிருக்கோம், தண்ணி ஒரு மூலையில தேங்குது. இந்தக் கருவி வாடகை எவ்வளவு?

உச்சிப்புளி ஒர்க்ஷாப்
வீட்டுக்கு ரசமட்டம் போதுங்க, இது மைக்ரான் சமாச்சாரம்.

ராத்திரி முழுக்கக் கதவைச் சாத்திவைத்து, காலை ஆறு மணிக்கு மறுபடி எடுத்தேன். மேல், கீழ் வெப்பநிலை வித்தியாசம் 0.1 டிகிரிதான். மொத்தம் 5 மைக்ரான். நடுக்கோட்டு மேடு இப்போது 0.5 கூட இல்லை. ஆனால் ஒரு இடிப்பு. நடுப்புள்ளிக்கு மூலைவிட்டக் கணக்கில் உயரம் பூஜ்யம். நீள நடுக்கோடு 0.3 காட்டுகிறது, குறுக்கு நடுக்கோடு 1.4 காட்டுகிறது. ஒரே புள்ளிக்கு எப்படி இரண்டு உயரம்?

அளவுக்காரர்
அது மூடுபிழை. குறுக்குக் கோட்டிலோ அதன் இரு முனைகள் இருக்கும் நீள ஓரங்களிலோ ஏதோ ஒரு ரீடிங் கெட்டிருக்கிறது. லெவல் ஒன்றுதான் என்றால் உங்கள் எடையே காரணமாகலாம். நீங்கள் ஸ்டாண்டைச் சுற்றி நடக்கும்போது தரை அமுங்கி, கல் முழுவதும் துளி சாயும். இரண்டு லெவல் இருந்தால் ஒன்றைப் பிளேட்டில் அசையாமல் வைத்து, வித்தியாசத்தை மட்டும் படிக்கலாம். அந்தச் சாய்வு கழிந்துவிடும்.

கீழக்கரை பிட்டர்
காலுக்கு அடியில ஒரு மணல் துகள் இருந்தாலும் இப்படித்தான் காட்டும். இந்த ஊர்ல மணலுக்குப் பஞ்சமா?

அளவுக்காரர்
அதுவும் இருக்கலாம். லெவலைத் தூக்கித் துடைத்து அதே இடத்தில் வையுங்கள், பழைய ரீடிங் வருகிறதா பாருங்கள். இன்னொன்று, 100 மி.மீ. கால்களுக்கு நடுவே விழுந்திருக்கும் சின்னக் குழி இந்த வரைபடத்தில் தெரியவே தெரியாது. பம்ப் பாடி வைக்கும் இடத்துக்கு ரிப்பீட் ரீடிங் கேஜ் தனியாகப் போட்டுத்தான் ஆக வேண்டும்.

உச்சிப்புளி ஒர்க்ஷாப்
குறுக்குக் கோட்டை மூன்று முறை எடுத்துவிட்டேன்: 1.4, 1.1, 1.5. துடைத்தும் போகவில்லை. ஓரக் கோடுகளைத் திரும்ப எடுப்பதற்குள் வெயில் ஏறிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை இரண்டாவது லெவல் கிடைக்கும் என்கிறார்கள்.