தாத்தா எழுதிய 'லை': பழைய பலகை எழுத்து தெரிந்தவர்கள் உதவுங்கள்

தாத்தா சைன்போர்டு எழுதியவர். அவருடைய கடைப் பலகையின் கலர் போட்டோ ஒன்றுதான் மிச்சம். அதுவும் முழுக்கச் சிவப்பேறிவிட்டது. ஸ்கேன் செய்து, GIMP-இல் வண்ணச் சேனல்களைப் பிரித்துப் பார்த்தேன். சிவப்புச் சேனல் வெளுத்துக் கிடக்கிறது, அதாவது பிரிண்டில் சயான் சாயம் போய்விட்டது. பச்சைச் சேனலில் எழுத்துகள் தெளிவு. தூரிகை திரும்பிய தடம்கூடத் தெரிகிறது. அதை வைத்தே ஓரங்களை மீட்டுவிட்டேன்.

சிக்கல் 'கலை' என்ற சொல்லில். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய, தும்பிக்கை போட்ட 'லை' அது. சரியாக அந்த வளைவில் போட்டோ மடிந்து, சாயமே உரிந்திருக்கிறது. எழுத்துருவிலிருந்து ஒட்டினால் தாத்தா கையாக இருக்காது. பலகை எழுதிப் பழகியவர்களே, அந்தத் தும்பிக்கையை எங்கே தொடங்கி எப்படி இழுப்பீர்கள்? அந்த 'லை' உள்ள பழைய பலகைப் படம் இருந்தாலும் அனுப்புங்கள்.