பிராணாயாமம்: பிராணன் + யமமா, ஆயாமமா?

குழு: ஆலமரத்து வீடு

காலை 7:14

வித்யா: எல்லாருக்கும் காலை வணக்கம். எங்க அபார்ட்மென்ட் மொட்டை மாடியில யோகா கிளாஸ் ஆரம்பிச்சிருக்காங்க. மாஸ்டர் நல்லாத்தான் சொல்லிக் கொடுக்கிறார். ஆனா பூரகம், கும்பகம், ரேசகம், அனுலோம விலோமம்னு அடுக்கிக்கிட்டே போறார், எனக்கு ஒண்ணும் பிடிபடல. அர்த்தம் தெரிஞ்சா செய்யறதுக்கும் உதவுமேன்னு கேக்குறேன். முதல்ல பிராணாயாமத்துக்கு என்ன அர்த்தம்?

சுந்தரம் பெரியப்பா: இதுல என்னம்மா சந்தேகம். பிராணன்னா மூச்சு. யமம்னா அடக்குறது. மூச்சை அடக்குறது பிராணாயாமம். யோகத்தோட எட்டு அங்கத்துல முதல் அங்கமே யமம்தானே. அதே வார்த்தைதான் இது.

கார்த்திக்: அப்பா, நேத்து நீங்க சொன்ன 16, 64, 32 கணக்கை நான் போன்ல டைமர் வச்சுப் பார்த்தேன். 64 வரைக்கும் போகவே முடியல. 40 தாண்டும்போது காது ரெண்டும் அடிக்க ஆரம்பிச்சிடுச்சு. அப்புறம் மூச்சை வாங்கி வாங்கி விட்டேன்.

சுந்தரம் பெரியப்பா: பழகப் பழக வரும்டா. திருமூலர் சொன்ன கணக்கு அது. உள்ளே இழுக்க 16, நிறுத்த 64, வெளியே விட 32.

மீனா சித்தி: வித்யா, எனக்கு முட்டி மடக்க முடியாது. நாற்காலியில உக்காந்து பண்ணலாமான்னு உங்க மாஸ்டர்கிட்ட கேட்டுச் சொல்லேன்.

வித்யா: கேக்குறேன் சித்தி. லலிதா அத்தை, நீங்க எத்தனையோ வருஷம் காலேஜ்ல சமஸ்கிருதம் எடுத்தவங்க. நீங்க சொல்லுங்க.

காலை 8:02

லலிதா அத்தை: இப்பத்தான் குளிச்சிட்டு வந்தேன். சுந்தரம் அண்ணா, வார்த்தையை எழுதிப் பாருங்க. பிராண, யமம் ரெண்டும் சேர்ந்தா பிராணயமம்னுதான் வரும், ண குறிலாவே நிக்கும். நாம சொல்றது பிரா-ணா-யாமம். அந்த ணா நெடில் ஆனதே அடுத்த சொல் ஆ-வில தொடங்குறதாலதான். பிராண + ஆயாமம்.

லலிதா அத்தை: ஆயாமம்னா நீட்டுறது, நீளம். ஒரு இடத்தை அளந்து நீளம் அகலம் எழுதும்போது நீளத்துக்கு ஆயாமம்னு போடுவாங்க. உடற்பயிற்சிக்கு வியாயாமம்னு சொல்றாங்களே, அதுலயும் இருக்கிறது இதேதான். உடம்பை நீட்டி விரிக்கிறது வியாயாமம், மூச்சை நீட்டுறது பிராணாயாமம்.

வித்யா: அப்போ அடக்குறதே இல்லையா அத்தை?

லலிதா அத்தை: அப்படி ஒரேயடியா சொல்லிட முடியாது. ஆயாமத்துக்கும் வேர் யம் தான். யம்னா பிடிக்கிறது, கட்டுப்படுத்துறது. முன்னாடி ஆ சேர்ந்தா நீட்டுற அர்த்தம் வருது, ஆனா கட்டுப்பாடுங்கிற வாசனையும் முழுசா போறதில்ல. அகராதியில ரெண்டுமே இருக்கும்.

சுந்தரம் பெரியப்பா: நான் சொன்னதும் அதுதானே. பதஞ்சலியே யோக சூத்திரத்துல மூச்சு வர்றதையும் போறதையும் நிறுத்துறதுன்னுதான் எழுதியிருக்கார்.

லலிதா அத்தை: ஆமாண்ணா, ரெண்டாம் பாதத்துல 49-வது சூத்திரம். கதி விச்சேதம்னு சொல்றார், ஓட்டத்தை வெட்டுறது. உங்க பக்கத்துக்கு அது பலம்தான். ஆனா அந்தச் சூத்திரமே தஸ்மின் ஸதி-ன்னு ஆரம்பிக்குது, அது கைகூடின பிறகு என்று. எது கைகூடினா? அதுக்கு முன்னாடி பேசின ஆசனம். அடுத்த சூத்திரம் 50-ல மூச்சு எப்படி ஆகணும்னு சொல்றப்போ தீர்க்க ஸூக்ஷ்மம்கிறார், நீளமாவும் நுட்பமாவும். வெட்டுறதும் நீட்டுறதும் அடுத்தடுத்த சூத்திரத்துல நிக்குது. எது தலை, எது வால்னு பண்டிதர்களுக்குள்ளேயே ஒரே கருத்து கிடையாது.

கார்த்திக்: அத்தை, ஆசனம் கைகூடின பிறகுன்னா சிரசாசனம் எல்லாம் வந்தாத்தான் மூச்சுப் பயிற்சியா?

லலிதா அத்தை: இல்லடா. ஆஸ்-ன்னா உக்காருறது. ஆசனம்னா உக்காருற விதம், உக்காருற இடம். நம்ம சிம்மாசனத்துல இருக்கிற ஆசனமே அது. பதஞ்சலி சொன்னது ஸ்திர ஸுகம், அசையாம, சுகமா உக்காருறது. நின்னு குனியிற, தலைகீழா நிக்கிற ஆசனங்களுக்கெல்லாம் அந்தப் பேர் பின்னாடி விரிஞ்சு வந்தது. மீனா, உன் கேள்விக்கும் இதுலயே பதில் இருக்கு. முதுகு நிமிர்ந்து, வலி இல்லாம அசையாம இருக்க முடிஞ்சா நாற்காலியும் ஆசனம்தான். பாதம் ரெண்டும் தரையில படியணும், அவ்வளவுதான்.

மீனா சித்தி: அப்பாடா. நன்றி அண்ணி. சப்பணம் போடச் சொல்லிடுவாங்களோன்னுதான் போகாம இருந்தேன்.

காலை 8:31

வித்யா: பூரகம் கும்பகம் ரேசகம்?

லலிதா அத்தை: பூரகம்னா நிரப்புறது. கொழுக்கட்டைக்குள்ள வைக்கிற பூரணமும் அதே வேர்தான், மாவுக்குள்ள நிரம்புறது. கும்பகம் கும்பத்துலேர்ந்து வந்தது, குடம். ரேசகம்னா காலி பண்றது.

மீனா சித்தி: ரேசகமா? சித்த வைத்தியர் எங்க அம்மாவுக்கு விரேசனம்னு ஒண்ணு எழுதிக் கொடுத்தார். அது பேதி மருந்து. யோகாவுல அதுவும் உண்டா?

லலிதா அத்தை: மருந்து இல்ல மீனா, ஆனா சொல்லுல சொந்தம் உண்டு, ரெண்டுக்கும் வேர் ஒண்ணுதான். அங்க வயிறு காலியாகுது, இங்க நுரையீரல் காலியாகுது. மாஸ்டர் ரேசகம்னு சொன்னா மூச்சை முழுசா விட்டு முடிக்கணும். பாதி விட்டுட்டு அடுத்ததை இழுக்கக் கூடாது. புதுசா பண்றவங்க பெரும்பாலும் இங்கதான் கோட்டை விடுவாங்க. பூரகத்துல மார்பைத் தூக்கித் தூக்கி நிரப்புவாங்க, ரேசகத்துல அவசரப்படுவாங்க.

வித்யா: கும்பகத்துல குடம் எதுக்கு?

லலிதா அத்தை: நிறைகுடம் தளும்பாதுன்னு நாமே சொல்றோமே. நிரம்பின காத்து உள்ள அசையாம நிக்கணும். தொண்டையை இறுக்கி, கன்னத்தை உப்பிக்கிட்டு, தோளைத் தூக்கிப் பிடிச்சா அது கும்பகம் இல்ல. கார்த்திக், உனக்குக் காது அடிச்சுது, அப்புறம் வாங்கி வாங்கி விட்டேன்னு எழுதினேல்ல. அதுதான் அடையாளம். கும்பகம் முடிஞ்சு விடுற மூச்சு மெதுவா, ஒரே சீரா வரணும். அது வெடிச்சு வந்தாலோ, அடுத்த மூச்சு பறிச்சுக்கிட்டு உள்ள போனாலோ, நிறுத்தினது உன் அளவுக்கு மீறினதுன்னு அர்த்தம்.

சுந்தரம் பெரியப்பா: அப்போ திருமூலர் சொன்னது தப்பா லலிதா?

லலிதா அத்தை: ஐயோ, அப்படிச் சொல்வேனா அண்ணா. 16, 64, 32 பெரிய கணக்கு. ஆனா அது மாத்திரைக் கணக்கு. கார்த்திக் அதை நொடி முள்ளுல எண்ணியிருக்கான். மூணையும் கூட்டினா 112. ஒண்ணுக்கு ஒரு செகண்ட்னு வச்சா ஒரே ஒரு மூச்சுக்கு 1 நிமிஷம் 52 செகண்ட் ஆகும். அதை யாரும் முதல் நாள் பண்ண முடியாது.

கார்த்திக்: ஒரு மாத்திரைன்னா எவ்வளவு நேரம்?

லலிதா அத்தை: ஸ்கூல்ல படிச்சியே, தொல்காப்பியத்துல கண்ணிமைக்கிற நேரம், கை நொடிக்கிற நேரம். யோக நூல்கள்ல வேற அளவு வருது. வேகமாவும் இல்லாம மெதுவாவும் இல்லாம முழங்காலைக் கையால ஒரு சுத்து சுத்தி, ஒரு சொடக்குப் போடுற நேரம். இமைக்கிற நேரமும் இதுவும் ஒண்ணா? இல்லவே இல்ல.

சுந்தரம் பெரியப்பா: திருமூலர் தமிழ்ல பாடினவர். கண்ணிமைக் கணக்குலதான் சொல்லியிருப்பார்.

லலிதா அத்தை: இருக்கலாம் அண்ணா. அதைத் தீர்மானமா என்னால சொல்ல முடியல. எந்த அளவா இருந்தாலும் 1க்கு 4க்கு 2 என்கிற விகிதம் மாறாது. விடுறது இழுக்கிறதைப் போல ரெண்டு மடங்கு. புதுசா வர்றவங்க நடுவுல இருக்கிற 4-ஐ விட்டுட்டு 1க்கு 2 மட்டும் பண்ணட்டும். 4 எண்ணி இழுத்து, நிறுத்தாம, 8 எண்ணி விடுறது. ஒரு மூச்சு 12 எண்ணிக்கை. செகண்ட்லயே எண்ணினாலும் நிமிஷத்துக்கு 5 மூச்சு. அதுவும் திணறினா 3க்கு 6. மூச்சு நீளுதே, ஆயாமம் வந்தாச்சு.

மீனா சித்தி: எனக்கு பிபி இருக்கு அண்ணி. மாத்திரை போடுறேன். மருந்து மாத்திரையைச் சொல்றேன்.

லலிதா அத்தை: அப்போ நீ கும்பகம் பண்ணவே வேண்டாம் மீனா. பஸ்திரிகா, கபாலபாதியும் வேண்டாம். பஸ்திரிகான்னா கொல்லன் பட்டறைத் துருத்தி, அந்த வேகத்துல ஊதுறது உனக்கு ஆகாது. 4க்கு 8-ஐ டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுப் பண்ணு. ஹட யோக பிரதீபிகைங்கிற பழைய நூல்லயே சிங்கம், யானை, புலியை மெல்ல மெல்லப் பழக்குற மாதிரி மூச்சைப் பழக்கணும், இல்லேன்னா பழக்குறவனையே கொல்லும்னு எழுதி வச்சிருக்கு. இதை யாரும் கிளாஸ்ல சொல்லாம விடுறாங்களேன்னு எனக்கு உண்மையாவே வருத்தம்.

காலை 9:10

வித்யா: அனுலோம விலோமம் மட்டும் விட்டுப் போச்சு அத்தை.

லலிதா அத்தை: லோமம்னா ரோமம். ல-வும் ர-வும் மாறி வர்ற ஒரே சொல். கையில முழங்கையிலேர்ந்து மணிக்கட்டுப் பக்கம் தடவிப் பாரு, முடி படிஞ்சு போகும், அது அனுலோமம். திருப்பித் தடவினா சிலிர்த்துக்கும், விலோமம். போக்கோட போறது, எதிர்ப்போக்குல போறது. ஒரு மூக்குல இழுத்து இன்னொண்ணுல விட்டு, மறுபடி அதே வழியா திரும்பி வர்றதால இந்தப் பேர். சில இடத்துல இதே பயிற்சிக்கு நாடி சுத்தின்னும் சொல்வாங்க. உங்க மாஸ்டர் எதைச் சொல்றார்னு பேரை மட்டும் வச்சு முடிவு பண்ணாதே, கையைப் பார்த்துக்கோ.

மீனா சித்தி: கடைசியில படுக்கச் சொல்றாங்களாமே, சுவாசனம். அது மூச்சு ஆசனம்தானே? அது ஒண்ணு எனக்கு நல்லா வரும்.

லலிதா அத்தை: அது சவாசனம் மீனா. சவம் போல கிடக்கிறது.

மீனா சித்தி: சிவ சிவா! காலங்காத்தால அப்படியா படுக்கணும்?

கார்த்திக்: சித்தி, நாய் மாதிரி குனியிறது ஒண்ணு இருக்கு, அதோமுக ஸ்வானாசனம். நான் ரொம்ப நாளா ரெண்டையும் ஒண்ணுன்னே நினைச்சேன்.

லலிதா அத்தை: தமிழ்ல எழுதினா எல்லாம் பக்கத்துல பக்கத்துல வந்து நிக்கும். சவம் வேற, மூச்சைக் குறிக்கிற சுவாசம் வேற, நாயைக் குறிக்கிற ஸ்வானம் வேற. மல்லாந்து தரையில சவத்தைப் போல கிடந்தா களைப்பு போகும், மனசு ஓயும்னுதான் பழைய நூல் சொல்லுது. உடம்புல எந்த இடத்தையும் நாம பிடிச்சு வச்சிருக்கக் கூடாது, கை தன்னால மல்லாந்து கிடக்கணும், பாதம் தன்னால வெளிப்பக்கம் சாயணும். அதை அந்தப் பேர் ஒரே சொல்லுல சொல்லிடுது.

மீனா சித்தி: இருக்கட்டும் அண்ணி. பக்கத்து ஸ்கூல்ல பிள்ளைங்களுக்கு சாந்தி ஆசனம்னுதான் சொல்லிக் கொடுக்கிறாங்க. நானும் அப்படியே சொல்லிக்கிறேன்.

லலிதா அத்தை: சொல்லிக்கோ. அந்தப் பேரும் இருக்கு. பாதம் சாயுதான்னு மட்டும் பாரு.

சுந்தரம் பெரியப்பா: நான் 16, 64, 32-ஐ விடப் போறதில்ல. ஆனா நொடி முள் வேண்டாம், இமைக் கணக்குல எண்ணிப் பாக்குறேன்.

லலிதா அத்தை: கும்பகம் முடிஞ்சு விடுற மூச்சு எப்படி வருதுன்னு கவனிச்சு எழுதுங்க அண்ணா. வெடிச்சு வந்தா 64-ஐ 32 ஆக்கிடுங்க, முன்னாடி பின்னாடியும் பாதியா குறைச்சு 8, 32, 16.

வித்யா: மாஸ்டர் நாளைக்குக் கபாலபாதி ஆரம்பிக்கிறேன்னு சொல்லியிருக்கார். அதுவும் பிராணாயாமமா அத்தை?

லலிதா அத்தை: கபாலம் மண்டையோடு, பாதின்னா ஒளிர்றது. பிரதீபிகையில அதை ஆறு சுத்திக் கிரியைகள்ல ஒண்ணா வச்சிருக்கு, பிராணாயாமப் பட்டியல்ல இல்ல. இப்போ எல்லாரும் பிராணாயாமத்தோட சேர்த்துத்தான் எடுக்கிறாங்க. சாயங்காலம் கூப்பிடு, விளக்கமா பேசுவோம். வெறும் வயித்துல பண்ணணும், அதை மட்டும் மறந்துடாதே.