எஃப்.ஆர்.சி.க்கு ஒரு தமிழ்ச் சொல்: கர்ப்பிணியின் மூச்சு பற்றிய கையேட்டுக்காக

கௌரி, தருமபுரி:

அனைவருக்கும் வணக்கம். கிராம சுகாதார செவிலியர்களுக்காகக் கர்ப்பிணியின் மூச்சு பற்றித் தமிழில் ஒரு சிறு கையேடு எழுதிக்கொண்டிருக்கிறேன். மற்றதெல்லாம் ஓரளவு வந்துவிட்டது. ஒரு சொல்லில்தான் நிற்கிறது.

சாதாரணமாக மூச்சை விட்டு முடித்துவிட்டோம், அடுத்த மூச்சை இன்னும் இழுக்கவில்லை. அந்த நொடியில் நுரையீரலுக்குள் இருக்கிற காற்றுக்கு என்ன பெயர் வைக்கலாம்? மருத்துவமனையில் நாங்கள் எஃப்.ஆர்.சி. என்போம். அதைச் சொல்லுக்குச் சொல் மாற்றி "செயற்பாட்டு எஞ்சிய கொள்ளளவு" என்று எழுதிப் பார்த்தேன். படிக்கிற செவிலியருக்கு அதிலிருந்து எதுவும் கிடைக்காது.

நான் மயக்க மருந்து கொடுக்கும் வேலையில் இருப்பவள். எனக்கு இந்தக் காற்று உயிர் விஷயம். அறுவைக்காக ஒரு பெண்ணை மயக்கி, குழாய் போடுகிற வரை அவருக்கு மூச்சு நின்றிருக்கும். அந்த நேரம் முழுக்க ரத்தத்துக்கு ஆக்சிஜன் கொடுப்பது இந்தக் காற்றுதான். கர்ப்பம் இல்லாத ஒரு பெண்ணுக்கு இது சுமார் 1700 மில்லி என்று வைத்துக்கொள்ளுங்கள். நிறைமாதத்தில் அது 1350 அளவுக்கு இறங்கிவிடும். நல்ல சொல்லாகச் சொல்லுங்கள்.

இளங்கோ, ஓசூர்:

டாக்டர் அம்மா, வணக்கம். கருப்பை வளர வளர நுரையீரலைக் கீழிருந்து அழுத்துகிறது, நுரையீரல் ஒடுங்குகிறது, அதனால்தான் மாசமான பெண்ணுக்கு மூச்சு வாங்குகிறது. காரணம் சொல்லிலேயே தெரிந்தால் படிப்பவருக்கு எளிது. ஆகவே "ஒடுங்கு கொள்ளளவு" என்று வைக்கலாம். ஒடுங்குதல் பழைய நல்ல வினை. கொள்ளளவு பள்ளிப் பாடத்திலேயே இருக்கிறது.

கௌரி:

இளங்கோ ஐயா, கருப்பை மேலே தள்ளுவது உண்மைதான். உதரவிதானம் நிறைமாதத்தில் ஏறக்குறைய 4 செ.மீ. மேலே ஏறிவிடும். எஃப்.ஆர்.சி. குறைவதும் பெரும்பாலும் அதனால்தான். ஆனால் அங்கிருந்து "அதனால்தான் மூச்சு வாங்குகிறது" என்று போக முடியாது.

மூச்சு வாங்குகிறது என்று பல பெண்கள் மூன்றாம் மாதத்திலேயே சொல்வார்கள். அப்போது கருப்பை இடுப்பெலும்பைத் தாண்டி இப்போதுதான் எட்டிப் பார்க்கிறது. நுரையீரலுக்கும் அதற்கும் நடுவில் வயிறு முழுக்க இடம் இருக்கிறது. அது எதை அழுத்தும்? அந்த மாதத்தில் வேலை செய்வது புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன். மூளையில் மூச்சை நடத்துகிற இடத்தை அது கரியமில வாயுவுக்குக் கூச்சமாக்கிவிடுகிறது. முன்பு ரத்தத்தில் அந்த வாயுவின் அழுத்தம் 40 மி.மீ. பாதரசம் இருந்தாலும் பேசாமல் இருந்த மூளை, இப்போது 30 சொச்சத்துக்கே "இன்னும் இழு" என்கிறது.

அந்தப் பெண் வேகமாக மூச்சு விடுவதில்லை, ஆழமாக விடுகிறார். நிமிடத்துக்கு 16 மூச்சு என்றால் கர்ப்பத்திலும் அது அதே 16 பக்கம்தான் இருக்கும். ஒரு மூச்சில் போகிற காற்று மட்டும் 450 மில்லியிலிருந்து 600 ஆகிறது. பெருக்கிப் பார்த்தால் நிமிடத்துக்கு 7.2 லிட்டர் 9.6 லிட்டராகிறது, மூன்றில் ஒரு பங்கு கூடுதல். மூச்சுக்குழாய்களிலேயே நின்று வீணாகிற காற்றை, மூச்சுக்கு 150 மில்லி என்று கழித்துவிட்டால், வேலைக்கு ஆகிற காற்று 4.8 லிட்டரிலிருந்து 7.2 லிட்டராகிறது. ஒன்றரை மடங்கு! குழந்தையிடமிருந்து கரியமில வாயு தாயின் ரத்தத்துக்கு இறங்கி வர வேண்டுமே, தாயிடம் அது குறைவாக இருந்தால்தான் வரும்.

நுரையீரல் ஒடுங்குகிறது என்பதும் பாதிதான் சரி. ரிலாக்சின் போன்ற ஹார்மோன்கள் விலா எலும்புகளின் கட்டைத் தளர்த்துவதால் மார்புக்கூடு பக்கவாட்டில் விரிகிறது, சுற்றளவு 5 முதல் 7 செ.மீ. கூடும். உயரத்தில் இழந்ததை அகலத்தில் பிடித்துக்கொள்கிறது. அதனால் முடிந்த மட்டும் இழுத்து முடிந்த மட்டும் விடச் சொன்னால், நிறைமாதத்திலும் பழைய அளவுக் காற்று வரும். குறைவது மூச்சு விட்டபின் உள்ளே நிற்பது மட்டும். தவிரவும், இந்தச் சொல் உங்களுக்கும் எனக்கும் உள்ள காற்றையும் குறிக்க வேண்டும். நம்முடையது எதனாலும் ஒடுங்கவில்லையே.

சென்றாயன், பென்னாகரம்:

பெரியவர்களுக்கு வணக்கம். மூச்சு பற்றிப் பேசுவதால் கேட்கிறேன். என் மகளுக்கு எட்டாம் மாதம். இரண்டு வாரமாக மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டுகிறது என்கிறாள். எழுந்து உட்கார்ந்தால் சரியாகிறது. மாடிப்படி ஏறினால் இளைக்கிறாள். பக்கத்து வீட்டில் எல்லாரும் "வயிறு பெரிசு, அப்படித்தான் இருக்கும்" என்கிறார்கள். காற்றுக்கு ஏதாவது மருந்து உண்டா?

முனியம்மாள், அஞ்செட்டி:

சென்றாயன் அண்ணா, இங்கே ஒரு சொல்லுக்குப் பேர் தேடிக்கிட்டிருக்காங்க, மருந்துக்கு இல்லை. ஆனாலும் கேட்டது நல்லது. நான் மலைக் கிராமத்துல வீடு வீடாப் போறவள். இந்த மாதிரி சொன்னா நான் முதல்ல பார்க்கிறது, உட்கார்ந்திருக்கும்போது ஒரு முழு நிமிஷத்துக்கு எத்தனை மூச்சு என்று. மார்பு ஏறி இறங்குறதைப் பார்த்து எண்ணணும், பொண்ணுக்குத் தெரியாம எண்ணணும். தெரிஞ்சா மூச்சை மாத்திடுவா. அப்புறம் கண் இமையை இழுத்துப் பார்ப்பேன், வெளுத்திருந்தா ரத்தச் சோகை. ஹீமோகுளோபின் எவ்வளவுன்னு தாய் அட்டையில பாருங்க. ராத்திரி தூங்கும்போது மூச்சு முட்டித் திடுக்குன்னு எழுந்து உட்கார்றாளா, அதையும் கேளுங்க.

கௌரி:

அக்கா சொன்னதுதான் சரியான வரிசை. சென்றாயன் அண்ணா, மல்லாந்து படுத்தால் முட்டுவதற்கு இந்தக் காற்றே காரணமாக இருக்கலாம். படுத்ததும் வயிறு முழுவதும் உதரவிதானத்தின்மேல் சாய்கிறது, ஏற்கெனவே குறைந்த எஃப்.ஆர்.சி. இன்னும் இறங்குகிறது. நுரையீரலின் அடிப்பகுதியில் சின்னக் காற்றுக்குழாய்கள் மூடிக்கொள்ளவும் செய்யும். இடது பக்கம் ஒருக்களித்து, தலையணை இரண்டு வைத்துப் படுக்கச் சொல்லுங்கள்.

ஆனால் இரண்டு வாரமாகப் புதிதாக வந்தது என்கிறீர்கள். ஹார்மோனால் வருகிற இளைப்பு முன்னாடியே தொடங்கி மெதுவாக வரும், பிறகு ஒரே அளவில் நிற்கும். இருமல் இருக்காது, ஒரு வாக்கியம் பேசி முடிக்க முடியும். எட்டாம் மாதத்தை ஒட்டித் திடீரென்று வந்தால் இதய வால்வையும் பார்த்துவிட வேண்டும். சின்ன வயதில் மூட்டுக் காய்ச்சல் வந்து வால்வு சுருங்கியிருக்கும், அதுவரை தெரியாமலே இருந்திருக்கும். ரத்த ஓட்டம் கூடுகிற இந்த மாதங்களில்தான் அது வெளியே வரும். ஆகவே இந்த வாரமே காட்டுங்கள். உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு 24-ஐத் தாண்டினாலோ, விரலில் மாட்டும் கருவியில் ஆக்சிஜன் 95-க்குக் கீழே போனாலோ, ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, இருமலில் ரத்தமோ நுரையோ வந்தாலோ, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள்.

இளங்கோ:

சரி, காரணத்தைச் சொல்லுக்குள் வைக்க வேண்டாம். "எஞ்சு காற்று" என்று விடலாமா?

கௌரி:

அது எனக்கு வேறொன்றுக்கு வேண்டும் ஐயா. முழு மூச்சையும் வலிந்து வெளியே தள்ளிய பிறகும் போகாமல் நிற்கிற காற்று ஒன்று உண்டு, சுமார் 1000 மில்லி. எஞ்சியது என்றால் அதுதான் எஞ்சியது. நான் கேட்கிற 1700-இல் அந்த 1000-மும் அடக்கம், இன்னும் வலிந்து தள்ளினால் வெளியே போயிருக்கக்கூடிய 700-மும் அடக்கம். நிறைமாதத்தில் 1000 என்பது 800 ஆகிறது, 700 என்பது 550 ஆகிறது. இரண்டும் குறைவதால் இரண்டுக்கும் தனித்தனிப் பெயர் வேண்டும்.

முனியம்மாள்:

"தங்கு காற்று" என்றால் என்ன டாக்டர்? குடத்தைச் சாய்த்து ஊத்தினாலும் அடியில கொஞ்சம் தண்ணி தங்கும் இல்லையா, அது மாதிரி. எங்க ஊர்ப் பொண்ணுகளுக்குச் சொன்னாலே புரியும். "உனக்கு இப்போ தங்கு காற்று கம்மி, அதனால மல்லாக்கப் படுக்காதே"ன்னு சொல்லிடலாம்.

கௌரி:

நன்றாக இருக்கிறது அக்கா. ஒரு இடத்தில் மட்டும் இடிக்கிறது. ஆஸ்துமாவில் காற்று வெளியே வர முடியாமல் உள்ளேயே மாட்டிக்கொள்ளும். "காற்றுத் தங்கிப்போச்சு" என்று சொன்னால் அதுவும் இதுவும் ஒன்றாகிவிடுமே என்று பயப்படுகிறேன். ஒன்று கெடுதல், இன்னொன்று நமக்கு வேண்டியது.

ஆஸ்துமாவைச் சொன்னதால் கையேட்டில் போடப்போகிற இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ஆஸ்துமா முற்றி வந்த ஒரு கர்ப்பிணியின் ரத்தப் பரிசோதனையில் கரியமில வாயு 40 என்று வந்தால், தாளில் அது "நார்மல்" என்றுதான் அச்சாகும். அவருக்கு அது நார்மல் இல்லை. 30-இல் இருக்க வேண்டியவர், இளைத்து மூச்சு விடும்போது அதற்கும் கீழே இருக்க வேண்டியவர், 40-க்கு வந்திருக்கிறார் என்றால் மூச்சுத் தசைகள் களைத்துவிட்டன என்று பொருள். அந்தத் தாளைப் பார்த்து நிம்மதியாக இருந்துவிடக் கூடாது.

இளங்கோ:

அப்படியானால் "இருப்புக் காற்று". கடையில் இருப்பு என்றால் எடுத்துச் செலவழிக்கக் கூடிய சரக்கு. மயக்கத்தில் ஆக்சிஜனைக் கொடுக்கிறது என்று நீங்கள் சொன்னதும் அதுதானே. எவ்வளவு நேரம் தாங்கும் என்று கணக்கு உண்டா?

கௌரி:

தோராயமாகப் போட்டுப் பார்க்கலாம். மயக்குவதற்கு முன் 3 நிமிடம் முகமூடியில் தூய ஆக்சிஜன் கொடுத்தால் இந்தக் காற்றில் பத்தில் ஒன்பது பங்கு ஆக்சிஜனாகிவிடும் என்று வைத்துக்கொள்வோம். கர்ப்பம் இல்லாதவருக்கு 1530 மில்லி ஆக்சிஜன், உடல் நிமிடத்துக்கு 250 மில்லி செலவழிக்கிறது, ஆறு நிமிடம் வரும். நிறைமாதத்தில் 1215 மில்லிதான் இருக்கும், செலவோ 300 மில்லி. நான்கு நிமிடம். படுத்த நிலையில் காற்று இன்னும் குறைவதால் நிஜத்தில் இதைவிடச் சீக்கிரமே ஆக்சிஜன் இறங்கத் தொடங்கும். முகமூடி கொடுக்காமல் விட்டால் இரண்டு பேருக்குமே ஒரு நிமிடம்கூட இல்லை. அதனால்தான் அவசர சிசேரியனிலும் அந்த முகமூடியைத் தவிர்க்க மாட்டோம், தலைப்பக்கத்தைக் கொஞ்சம் உயர்த்தியும் வைப்போம்.

"இருப்பு" இந்தக் கணக்குக்குப் பொருந்துகிறது. ஆனால் வலிந்து தள்ளினால் வரும் அந்த 700 மில்லியை ஏற்கெனவே சிலர் "இருப்புக் கொள்ளளவு" என்று எழுதுகிறார்கள். இரண்டும் ஒரே பக்கத்தில் வந்தால் குழப்பம்.

முனியம்மாள்:

இருப்புன்னா எங்க சப் சென்டர்ல மாத்திரை இருப்பு, ஊசி இருப்பு. மூச்சுக்கு ஒட்டலை. நான் தங்கு காற்றுதான்.

சென்றாயன்:

நேற்று மகளைக் கூட்டிப்போய்க் காட்டினேன். உட்கார்ந்திருக்கும்போது மூச்சு 18. ஹீமோகுளோபின் 8.4. இரும்புச் சத்து ஊசி ஏற்றச் சொல்லியிருக்கிறார்கள், இதயத்துக்கு எக்கோ எழுதிக்கொடுத்தார்கள், திங்கட்கிழமை எடுக்கிறோம். ஒருக்களித்துப் படுத்தால் பரவாயில்லை என்கிறாள்.

கௌரி:

நல்லது அண்ணா. 8.4 என்றால் இளைப்பில் ஒரு பங்கு அதிலிருந்தே வந்திருக்கும். எக்கோ பார்த்ததும் எழுதுங்கள்.

சொல்லுக்கு வருகிறேன். முதல் படியில் "தங்கு காற்று" என்றே போட்டு, ஆஸ்துமா பகுதியில் "மாட்டிய காற்று" என்று வேறாக எழுதிப் பார்க்கிறேன். இளங்கோ ஐயா, அந்த 700 மில்லிக்கு "இருப்பு" இல்லாமல் வேறு சொல் கிடைத்தால் "இருப்புக் காற்று" மறுபடி போட்டிக்கு வரும். முனியம்மாள் அக்கா, அடுத்த தாய்மார் கூட்டத்தில் இரண்டையும் சொல்லிப் பார்த்து, எதைத் திருப்பிச் சொல்கிறார்கள் என்று எழுதுங்கள்.