புயலுக்குப் பிறகு இன்சூரன்ஸ் கம்பெனி அனுப்பிய "எளிய கிளெய்ம்" அறிவிப்பு: மளிகைக் கடைக்கு எது பொருந்தும்?

மேலூர் மளிகை (கேள்வி)

மேலூரில் வாடகைக் கட்டடத்தில் மளிகைக் கடை. புயல் அன்று ராத்திரி காற்றில் பின்பக்கக் கூரையில் நாலு சிமெண்ட் ஷீட் பெயர்ந்து போய்விட்டது. அரிசி, பருப்பு, வெல்லம், சீனி மூட்டைகள் நனைந்துவிட்டன. சரக்குக்கு 8 லட்சத்துக்கு பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா பாலிசி இருக்கிறது. நாமே ஏற்க வேண்டிய எக்ஸஸ் "5%, குறைந்தது 10,000" என்று போட்டிருக்கிறது. கடன் பேங்கில் இருக்கிறது.

கம்பெனி அனுப்பிய அறிவிப்பில் இருப்பவை இவை: எஃப்.ஐ.ஆர். வேண்டாம், வானிலைச் சான்று வேண்டாம், போட்டோ வைத்தே பதிவு செய்யலாம், சனிக்கிழமை ஒத்தக்கடையில் முகாம், 24 மணி நேர உதவி எண், தகுதி உள்ளவர்களுக்கு முன்பணம்.

அன்றைக்குக் கடையிலும் பின் அறையிலும் சேர்த்து 10 லட்சத்துக்குச் சரக்கு இருந்தது. சேதம் 2,10,000. நனைந்தது நாறுகிறது, தூக்கிப் போட்டுவிடலாமா? முகாமுக்கு என்னென்ன எடுத்துப் போக வேண்டும்?

வயக்காட்டு ராசா

அண்ணே, முதல்ல வி.ஏ.ஓ. கிட்டச் சான்று வாங்குங்க. 72 மணி நேரத்துக்குள்ள சொல்லலைன்னா கிளெய்மே கிடையாது. 14447-க்கு அடிங்க. எங்க ஊர்ல நெல்லு சாஞ்சதுக்கு எல்லாரும் அங்கதான் பதியிறாங்க. நனைஞ்ச நெல்லுக்கு அடங்கல் நகல் கேக்குறாங்க, அது இல்லாம நடக்குமா?

சர்வே மேசை

ராசா, நீங்க சொல்றது பயிர்க் காப்பீடு. 72 மணி நேரமும் 14447-ம் வயலுக்கு உள்ளவை, கடைக்கு அல்ல. நெல்லுக்கான கேள்வியைத் தனி இழையாகப் போடுங்க, அடங்கல் பற்றித் தெரிந்தவர்கள் வருவார்கள்.

மேலூர் சார், உங்கள் அறிவிப்பை ஒரு கோணத்தில் படிக்க வேண்டும். அது தளர்த்தியிருப்பது காகிதங்களை மட்டும்தான். பாலிசியின் நிபந்தனை ஒன்றுகூடத் தளரவில்லை. எந்தக் காரணத்தால் சேதம், எவ்வளவு சேதம், அன்றைக்கு மொத்தச் சரக்கு எவ்வளவு என்ற மூன்று கேள்வியும் அப்படியே இருக்கின்றன.

முதலில் காரணம். உங்கள் பாலிசியில் புயலும் வெள்ளமும் அடக்கம், ஆனால் பழைய விரிசல் வழியாக ஒழுகிய மழை அடக்கம் இல்லை. "மழை பெய்து சரக்கு நனைந்தது" என்று உதவி எண்ணில் சொன்னால் அந்த ஒரு வரி கோப்பில் ஏறிவிடும், பிறகு மாற்றுவது பெரும்பாடு. நடந்தது நடந்தபடியே சொல்லுங்கள்: காற்று ஷீட்டைப் பெயர்த்தது, அந்தத் திறப்பு வழியாகத் தண்ணீர் இறங்கியது. வானிலைச் சான்று வேண்டாம் என்பதால் இந்தக் கேள்வி போய்விடாது. புயல் வீசியதற்குத் தனிச் சான்று கேட்க மாட்டார்கள், உங்கள் கூரை அதில்தான் போனதா என்று பார்ப்பார்கள். உடைந்த ஷீட் துண்டு, கழன்ற ஜே-போல்ட், கூரையில் திறந்த இடம், அதற்கு நேர் கீழே நனைந்த மூட்டை, இவை நான்கும் தொடர்ச்சியாகத் தெரியும்படி போட்டோ எடுங்கள். போல்ட் துருப்பிடித்து முன்னமே அறுந்திருந்ததா, காற்றில் வளைந்து கழன்றதா என்பதை அதைப் பார்த்தே சொல்லிவிடலாம். துண்டுகளைக் குப்பைக்கு அனுப்பாதீர்கள்.

நனைந்த சரக்கை இப்போதைக்குத் தூக்கிப் போடவே கூடாது. மூன்றாகப் பிரியுங்கள்: முழுதும் போனது, மாட்டுத் தீவனத்துக்கு விலை போகக்கூடியது, காய வைத்தால் தேறுவது. ஒவ்வொன்றையும் எடை போட்டு, தராசின் எண் தெரியும்படி போட்டோ. நாற்றம் தாங்காமல் அக்கம்பக்கம் சண்டைக்கு வந்தால், "இன்னின்ன இத்தனை கிலோ, சுகாதாரக் காரணத்தால் அப்புறப்படுத்த வேண்டும், ஆட்சேபம் இருந்தால் இன்று மாலைக்குள் சொல்லவும்" என்று கிளெய்ம் எண்ணோடு மின்னஞ்சல் போட்டுவிட்டு அப்புறப்படுத்துங்கள். சர்வேயர் வரும்போது சரக்கும் இல்லை, கடிதமும் இல்லை என்றால் அவர் பூஜ்யம்தான் எழுத முடியும்.

டவுன்ஹால் ரோடு

ரொம்பக் குழப்ப வேண்டாம். பாலிசி 8 லட்சம், சேதம் 2.1 லட்சம். வரம்புக்குள்தான் இருக்கிறது. எக்ஸஸ் பத்தாயிரம் கழித்து 2 லட்சம் வரும். பில்லைக் காட்டினால் முடிந்தது.

சர்வே மேசை

பில் வேண்டும் என்பது சரி. 2 லட்சம் வரும் என்பதுதான் இடிக்கிறது. சார் "10 லட்சம் சரக்கு" என்று எழுதியிருக்கிறாரே, அங்கேதான் அடி விழும்.

10 லட்சம் சரக்கை 8 லட்சத்துக்கு மட்டும் காப்பீடு செய்திருந்தால் 20% குறைவு. இந்தப் பாலிசியில் 15% வரை குறைவு இருந்தால் கண்டுகொள்வதில்லை. அதற்கு மேல் போனால் சேதத் தொகையையும் அதே விகிதத்தில் வெட்டுவார்கள். தீவனத்துக்கு விற்பதில் 30,000 வருகிறது என்று வைத்துக்கொள்வோம். 2,10,000-இல் அதைக் கழித்தால் 1,80,000. அதில் பத்தில் எட்டு பங்கு 1,44,000. அதன் 5% பத்தாயிரத்துக்குக் கீழே, ஆகவே எக்ஸஸ் 10,000. கையில் வருவது 1,34,000.

சார், ஒன்று கேட்கிறேன். 10 லட்சமும் 2,10,000-மும் வாங்கிய விலையா, விற்கும் விலையா?

மேலூர் மளிகை

விற்கும் விலைதான். கடையில் ஒட்டியிருக்கும் விலையை வைத்துப் போட்டேன். வாங்கிய விலையில் மொத்தம் 9,30,000, சேதம் 1,95,000 வரும்.

சர்வே மேசை

அப்படியானால் கணக்கே மாறுகிறது. சரக்குக்கு எப்போதும் அடக்க விலைதான், லாபத்துக்குக் காப்பீடு இல்லை. 9,30,000-க்கு 8 லட்சம் என்றால் குறைவு சுமார் 14%. பதினைந்துக்குள் வந்துவிட்டது, வெட்டு இல்லை. 1,95,000-இல் 30,000 போக 1,65,000, எக்ஸஸ் 10,000 போக 1,55,000. விலையைக் கூட்டிப் போட்டால் 21,000 குறைகிறது, பாருங்கள். எல்லைக்கோடு ஏறக்குறைய 9,41,000. அதனால் அன்றைய இருப்பு உங்களுக்கு உயிர்நாடி. வருட ஆரம்ப இருப்போடு கொள்முதலைக் கூட்டி, விற்பனையை அடக்க விலைக்குக் குறைத்துக் கழித்து, புயல் தேதி வரை ஒரு தாளில் போட்டுக் கொண்டு போங்கள். சர்வேயரும் இதையேதான் போடுவார், நீங்கள் முந்திக்கொண்டால் பேச்சு உங்கள் தாளில் இருந்து தொடங்கும்.

கணக்கு அக்கா, திருமங்கலம்

தம்பி, ஜி.எஸ்.டி.யை எல்லாரும் விட்டுட்டீங்க. 1,95,000 வரியோடவா, வரி இல்லாமலா? நீங்க சாதாரணப் பதிவுல இருந்தா, கெட்டுப்போன சரக்குக்கு எடுத்த உள்ளீட்டு வரியைத் திருப்பணும், சி.ஜி.எஸ்.டி. சட்டம் 17(5)(h). திருப்பினதுக்கு ஜி.எஸ்.டி.ஆர்-3பி நகல் வெச்சாதான் அந்த வரியையும் சேதத்துல சேத்துக் கேக்க முடியும். காம்போசிஷன்ல இருந்தா உள்ளீட்டு வரியே எடுத்திருக்க மாட்டீங்க, கட்டின வரி அடக்கத்துலயே சேர்ந்துடும். சாக்குல வந்த பருப்புக்கு வரி இருந்திருக்காது, எண்ணெய் பாக்கெட்டுக்கு இருக்கும். பில்லு பில்லாப் பிரிங்க.

சர்வே மேசை

அக்கா சொல்வது சரி. ஒரு சிக்கல்: வரி திருப்பின 3பி அடுத்த மாதம்தான் வரும், சர்வே ரிப்போர்ட் அதற்கு முன்பே போய்விடும். "வரி திருப்பிய ஆவணம் பின்னர்" என்று கிளெய்ம் படிவத்திலேயே எழுதி வையுங்கள். சில இடங்களில் ஏற்கிறார்கள், சில இடங்களில் இழுக்கிறார்கள்.

முகாமைப் பற்றி: அது கிளெய்ம் பதிவு முகாம், அரிசி-போர்வை கொடுக்கும் நிவாரண முகாம் இல்லை. அன்று செக் கிடைக்கும் என்று போகாதீர்கள். பாலிசி நகல், அடையாளமும் பான் அட்டையும், கேன்சல் செய்த செக், வாடகை ஒப்பந்தம், போட்டோக்கள் பிரிண்ட் போட்டது, மூன்று குவியல் எடைப் பட்டியல், இருப்புத் தாள் போதும். கொடுக்கும் எல்லாவற்றுக்கும் ஒரு நகலில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். அதைவிட முக்கியம், சனிக்கிழமைக்குக் காத்திருக்காமல் இன்றே உதவி எண்ணில் பதிந்து கிளெய்ம் எண் வாங்குவது. "பதிவாகிவிட்டது" என்று சொல்லி எண் தராமல் வைத்தால் பதிவாகவில்லை என்றே கொள்ளுங்கள். எஸ்.எம்.எஸ். வரும் வரை லைனை விடாதீர்கள்.

டவுன்ஹால் ரோடு

உதவி எண் ஜாக்கிரதை. அறிவிப்பு வாட்ஸ்அப்பில் நாலு கை மாறி வந்திருந்தால் அதில் இருக்கும் எண்ணை நம்பாதீங்க. பாலிசித் தாளில் அச்சடித்த எண்ணோடு ஒப்பிட்டுப் பாருங்க. கிளெய்முக்கு ஓ.டி.பி. கேட்டாலோ, "பிராசஸிங் கட்டணம்" என்று க்யூ.ஆர். அனுப்பினாலோ அது ஏமாற்று. முந்தைய கணக்கில் நான் சறுக்கியதை ஒத்துக்கொள்கிறேன்.

மேலூர் மளிகை

எல்லாருக்கும் நன்றி. இன்னும் ரெண்டு. ஷீட்டு கட்டட உரிமையாளருடையது, மாற்றியதற்கு நான் கொடுத்த பணம் வருமா? முன்பணம் பேங்குக்குப் போகுமா, எனக்கு வருமா?

சர்வே மேசை

ஷீட் வராது. உங்கள் பாலிசியில் கட்டடம் இல்லை, சரக்கு மட்டும்தான். உரிமையாளரின் பாலிசி இருந்தால் அங்கே. ஆனால் மிச்சச் சரக்கைக் காப்பாற்றத் தார்ப்பாய் வாங்கிய செலவு, ஆள் கூலி இவற்றின் பில்லை வையுங்கள், கேட்டுப் பார்க்கலாம்.

பணம்: பாலிசியில் பேங்க் பெயர் இருந்தால் பேங்குக்குத்தான் போகும். பேங்க் தடையில்லாக் கடிதம் கொடுத்தால் உங்கள் கணக்குக்கு மாற்றுவார்கள். முன்பணத்துக்கும் அப்படியே. கடிதத்தை இப்போதே கேளுங்கள்.

காலக்கெடு: கிளெய்ம் சொன்ன 24 மணி நேரத்தில் சர்வேயர் நியமிக்கப்பட வேண்டும், அவர் 15 நாளில் ரிப்போர்ட் தர வேண்டும், அதன் பிறகு 7 நாளில் கம்பெனி முடிவு சொல்ல வேண்டும். இழுத்தால் முதலில் கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதுங்கள், பிறகு காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் புகார் தளமான பீமா பரோசா, எண் 155255. ஒரு மாதத்தில் பதில் இல்லை, அல்லது பதில் திருப்தி இல்லை என்றால் சென்னையில் இருக்கும் காப்பீட்டு குறைதீர்ப்பாளர், வக்கீல் தேவையில்லை.

மேலூர் மளிகை

சார், ஒரு விஷயம் உறுத்துகிறது. போன மாதக் கடைசியில் பேங்குக்குக் கொடுத்த ஸ்டாக் ஸ்டேட்மென்டில் 10,50,000 என்று போட்டுக் கொடுத்துவிட்டேன்.

கணக்கு அக்கா, திருமங்கலம்

கடன் லிமிட் கூட வேணும்னு ஏத்திப் போட்டீங்களாக்கும். விற்கும் விலையில போட்டதா, சரக்கே கூடுதலாக் காட்டினதா?

சர்வே மேசை

சர்வேயர் அந்தத் தாளைக் கேட்பார், மறைக்க முயல வேண்டாம். மாதக் கடைசியில் இருந்து புயல் வரை நடந்த விற்பனை பில்லை வைத்து, 10,50,000 எப்படி 9,30,000 ஆனது என்று ஒரு தாளில் இறக்கிக் காட்ட வேண்டும். இறங்கினால் பிரச்னை இல்லை. இறங்காவிட்டால் எந்த எண்ணை எடுத்துக்கொள்வார் என்பது அவர் கையில். அக்கா கேட்டதற்கு முதலில் பதில் சொல்லுங்கள்.

மேலூர் மளிகை

பாதி விற்கும் விலை, பாதி... பில்லைப் பார்த்துவிட்டு ராத்திரி எழுதுகிறேன்.