சோப்புப் போட்டுக் கழுவிய கையின் தட்டில்தான் கிருமிக் கூட்டம் அதிகம், எங்கே தவறு?

எட்டாம் வகுப்புக்கு ஒரு சோதனை செய்தோம். கிருமிகளை வளர்க்கும் நியூட்ரியன்ட் அகார் தட்டில் கழுவாத விரல்நுனிகளை 5 விநாடி மெதுவாக அழுத்தினோம். அப்புறம் அதே மாணவி 20 விநாடி சோப்புப் போட்டுக் கழுவி, கையை உதறிவிட்டு அடுத்த தட்டில் அழுத்தினாள். மூன்றாவது தட்டு சானிடைசருக்கு. யாரும் தொடாத தட்டு ஒன்றும் வைத்தோம். மூடியை டேப்பால் ஒட்டி, தலைகீழாக 25 டிகிரியில் 2 நாள். அதற்குப் பிறகு எதையும் திறக்கவில்லை. மூடியின் வழியாகவே எண்ணினோம்.

கழுவாத கையின் தட்டில் 31 கிருமிப் புள்ளிகள், கழுவிய கையின் தட்டில் 44! சானிடைசர் தட்டில் 3. தொடாத தட்டு சுத்தமாக இருந்தது, எனவே அகார் கெட்டுப்போகவில்லை.

எனக்கு இரண்டு சந்தேகம். ஈரக் கை கிருமிகளை எளிதாக இடம் மாற்றும். தேய்க்கும்போது தோலின் உள்ளடுக்கில் வாழும் பாக்டீரியாக்களும் மேலே வந்திருக்கலாம். சானிடைசர் தட்டையும் முழுதாக நம்ப முடியவில்லை. விரலில் ஒட்டிய மிச்சம் அகாரிலேயே வளர்ச்சியைத் தடுத்திருக்குமோ?

அடுத்த முறை காகிதத் துண்டால் துடைத்து, ஐந்து மாணவர்களை வைத்துச் செய்யலாம் என்றிருக்கிறேன். தோலிலேயே வாழும் கிருமியையும் வெளியிலிருந்து ஒட்டிய கிருமியையும் பிரித்துக் காட்ட, பாதிப்பில்லாத பேக்கரி ஈஸ்ட்டைக் கையில் பூசிச் செய்து பார்த்தவர்கள் இருக்கிறீர்களா? எவ்வளவு நீர்க்கச் செய்தால் எண்ண முடிகிறது?