பரவை பாவையான கதை: எழுத்துரு விற்றவர்கள் அனுபவம் சொல்லுங்கள்

எழுத்தாணி
எட்டு மாதம் உட்கார்ந்து வரைந்த ஃபாண்ட். திரையில் நாலு பேரிடம் காட்டினேன், எல்லோரும் தடங்கலில்லாமல் படித்தார்கள், சரி என்று விற்பனைக்கு ஏற்றிவிட்டேன். வாங்கிய மூன்றாவது ஆள் மதுரைப் பக்கம் கல்யாணப் பத்திரிகை அடிப்பவர். ஒரு நாள் போன் செய்து, "தம்பி, மாப்பிள்ளை ஊர் பரவை. பத்திரிகையில பாவைன்னு இருக்குன்னு பொண்ணு வீட்டுல கேக்குறாங்க" என்றார். அட்டையைப் படம் எடுத்து அனுப்பினார். தட்டச்சில் பிழையே இல்லை. ர-வின் கீழே நான் போட்டிருந்த சாய்வு வால் மையில் காணாமல் போய், ர துணைக்காலாகத் தெரிந்தது. அந்தப் படம் இன்னும் என் போனில் இருக்கிறது.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஆயிரம் அலகுக் கட்டத்தில் வால் 40 அலகுதான் கீழே இறங்கியது. 8 புள்ளியில் அச்சடித்தால் அது 0.11 மில்லிமீட்டர். இப்போது 120 ஆக்கியிருக்கிறேன், அதே அட்டையில் தெரிகிறது. என்னிடம் படித்துக் காட்டிய நாலு பேரும் செய்திக் கட்டுரை படித்தார்கள், வாக்கியத்தை வைத்து ஊகித்துவிட்டார்கள். ஊர்ப் பெயருக்கு ஊகம் உதவாது.

கீற்று
ர், ரி, ரீ மூன்றுக்கும் வால் போட்டீர்களா? போடாவிட்டால் அதுவும் தப்புதான், யூனிகோடில் ர-வுக்கு U+0BB0, துணைக்காலுக்கு U+0BBE, இரண்டும் வேறு, எனவே எல்லா இடத்திலும் வேறாகத் தெரிய வேண்டும்.

வெண்கல அச்சு
கீற்று, அது அப்படி இல்லை. குறியீடு வேறு என்பது சரி. ஆனால் துணைக்காலின் மேல் புள்ளியோ கொக்கியோ வரவே வராது, அதனால் ர், ரி, ரீ வாலில்லாமல் நின்றாலும் யாரும் தடுமாற மாட்டார்கள். பள்ளியில் கையெழுத்தே அப்படித்தான் பழகினோம். ஓலைச்சுவடியில் ர-வும் காலும் ஒரே கோடாகவே இருக்கும். குழப்பம் வருவது தனி ர-வில்தான்.

சோதனைக்குத் தனிச் சொல்லாகக் கொடுங்கள்: பரவை, பாவை, கரை, காரை, மரம், மாம். பொருள் இல்லாததும் கலந்திருக்கட்டும். ஐம்பது வயதுக்கு மேற்பட்ட ஒருவரை, அச்சடித்த தாளில், 8 புள்ளியில், சத்தமாகப் படிக்கச் சொல்லி எங்கே நிற்கிறார் என்று குறித்துக்கொள்ளுங்கள். திரையில் பெரிதாக்கிப் பார்ப்பதெல்லாம் சோதனை ஆகாது.

நிலாப்பெண்
என் கதை வேறு. தமிழ் எழுத்து நானே வரைந்தேன், ஆங்கில எழுத்துக்கும் எண்ணுக்கும் நேரமில்லை, ஒரு இலவச ஃபாண்டிலிருந்து எடுத்துச் சேர்த்தேன். சந்தையில் ஏற்றி, கணினிக்கு, இணையத்துக்கு, செயலிக்கு என்று மூன்று உரிமமும் தனித்தனி விலையில் வைத்தேன். வாங்கிய ஒரு நிறுவனத்திலிருந்து ஒரே வரி வந்தது: "இந்த g எங்களுக்குத் தெரிந்த g." கை நடுங்கிவிட்டது. எடுத்த ஃபாண்ட் OFL என்ற திறந்த உரிமத்தில் வந்தது. பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு இறக்கிவிட்டேன். இன்னும் திரும்ப ஏற்றவில்லை.

கீற்று
OFL ஃபாண்டைக் காசு வாங்கும் எந்த வேலைக்கும் பயன்படுத்தக் கூடாது, இது எல்லோருக்கும் தெரிந்ததுதானே.

வெண்கல அச்சு
இல்லை. OFL ஃபாண்டை வைத்துப் பத்திரிகை அடிக்கலாம், புத்தகம் விற்கலாம், ஒரு தடையும் இல்லை. ஒரு மென்பொருளோடு சேர்த்தும் விற்கலாம். ஃபாண்டை மட்டும் தனியாக விற்கக் கூடாது, அதிலிருந்து எடுத்து உருவாக்கியதும் OFL-லிலேயே இருக்க வேண்டும். நிலாப்பெண் மாட்டிக்கொண்டது இந்த இரண்டிலும்தான். அம்மா, ஆங்கிலத்தை எடுத்துவிட்டு எண்ணும் நிறுத்தக்குறியும் மட்டும் சொந்தமாக வரைந்து, விவரத்தில் 'தமிழ் மட்டும்' என்று எழுதி ஏற்றுங்கள். பத்திரிகைக்காரர்களுக்கு அது போதும்.

ஏற்றும் முன் ஃபாண்ட் கோப்புக்குள் பதிக்கும் அனுமதியைச் சொல்லும் fsType எண்ணைப் பாருங்கள். அது 2 என்று இருந்தால் ஃபாண்டை ஆவணத்தில் பதிக்க அனுமதி இல்லை என்று பொருள், வேர்ட் பதிக்காது, வாங்கியவர் அச்சகத்துக்குக் கோப்பு அனுப்பும்போது எழுத்து மாறிப்போகும், பழி உங்கள்மேல் வரும். அச்சகத்துக்கு விற்பவர் 8 அல்லது 0 வைப்பது நல்லது.

ராசு_திருச்சி
யூனிகோடு அல்லாத பாமினி ஃபாண்டில் அடித்த பழைய கோப்பு நிறைய இருக்கிறது, இந்த ஃபாண்டில் திறந்தால் வருமா?

எழுத்தாணி
வராது அண்ணா, முதலில் யூனிகோடாக மாற்ற வேண்டும்.

வெண்கல அச்சு ஐயா, வாங்கிய மூவருக்கும் திருத்திய கோப்பு அனுப்பிவிட்டேன். ஆனால் வாலை நீட்டியதில் ரு, ரூ இரண்டும் இப்போது குடும்பத்தோடு ஒட்டாமல் நிற்கின்றன. அவற்றுக்கும் கீழே இழுக்க வேண்டுமா, அப்படியே விடலாமா? படம் நாளை போடுகிறேன்.