பொருள்: ‘நிலையான விளைவு’, ‘சமவாய்ப்பு விளைவு’ – மாற்றுச் சொல் தேவை

கொழிஞ்சாம்பாறையிலிருந்து

குழுவினருக்கு வணக்கம். எங்கள் கல்லூரியில் தமிழ்வழிப் படித்து வந்த பிள்ளைகளுக்கு நாடுகளின் வளர்ச்சி பற்றிய பேனல் தரவு நடத்துகிறேன். ஒரு நாட்டுக்கு ஒரு வரி இல்லை. 1960 முதல் ஐந்தாண்டுக்கு ஒன்றாகப் பல வரிகள். ஒவ்வொரு நாட்டுக்கும் காலத்தால் மாறாத ஒரு தன்மை இருக்கிறது. நிர்வாக ஒழுங்கு, நிலவியல், பழைய வரலாறு எல்லாம் அதில் அடங்கும், நம்மால் அளக்க முடியாது. அதை இரண்டு விதமாகக் கையாளுகிறோம். பாடக்குறிப்புகளில் ஒன்றை ‘நிலையான விளைவு’ என்றும் மற்றதை ‘சமவாய்ப்பு விளைவு’ என்றும் எழுதிவருகிறோம். இரண்டு பெயருமே மாணவர்களைத் தவறான இடத்துக்கு அழைத்துப் போகின்றன. மாற்றுச் சொற்கள் சொல்லுங்கள்.

நகரியிலிருந்து

அம்மா, எனக்கு இது நன்றாகவே புரிகிறது. எங்கள் விசைத்தறிக் கொட்டகைக்கு வாடகை நிலையானது, தறி ஓடினாலும் ஓடாவிட்டாலும் கட்ட வேண்டும். நூல் விலை மாறும். ‘நிலைச் செலவு’, ‘மாறும் செலவு’ என்று ஏற்கெனவே சொல் இருக்கிறதே? இன்னொன்றும் கேட்டுவிடுகிறேன். தெரிந்த தறிக்காரர்களின் கணக்கைச் சில ஆண்டுகளாகச் சேர்த்துவைத்திருக்கிறேன். கடன் அதிகம் வாங்கியவர்களுக்கு விற்பனையும் அதிகம். கடன் கொடுத்தால் தொழில் வளரும் என்று எங்கள் சங்கத்தில் சொல்லலாமா?

பாலக்காட்டிலிருந்து

ஐயா, இது செலவுக் கணக்கு இல்லை. எங்களுக்குச் சொல்லித்தந்தது எளிமையானது. நாடுகளைக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்தால் சமவாய்ப்பு. எல்லா நாடுகளும் தரவில் இருந்தால் நிலையானது. சந்தேகம் வந்தால் ஹவுஸ்மன் சோதனை போட வேண்டும். p மதிப்பு 0.05-க்குக் கீழே வந்தால் நிலையான விளைவு சரி, மேலே வந்தால் சமவாய்ப்பு சரி. பெயரை ஏன் மாற்ற வேண்டும் என்று எனக்கு விளங்கவில்லை.

குப்பத்திலிருந்து

தம்பி சொன்னதில் சோதனையின் விதி பாதி சரி. குலுக்கல் கதைதான் சரியில்லை. அந்தக் கதையை உண்டாக்கியதே ‘சமவாய்ப்பு’ என்ற பெயர். நாட்டின் மாறாத தன்மையை இரண்டு முறைகளிலுமே வாய்ப்பால் அமைந்ததாக எடுத்துக்கொள்ளலாம். முண்ட்லாக் 1978-லேயே இதை விளக்கிவிட்டார். அந்தத் தன்மை நாம் சமன்பாட்டில் வைத்திருக்கும் மாறிகளோடு ஒட்டுறவு கொண்டிருக்கிறதா, இல்லையா? இதுதான் கேள்வி.

நகரி ஐயாவின் தறியையே எடுத்துக்கொள்வோம். கெட்டிக்காரத் தறிக்காரருக்கு விற்பனையும் கூடும், அவரை நம்பிக் கடன் தருபவர்களும் கூடுவார்கள். கெட்டிக்காரத்தனம் ஏட்டில் இல்லை. ஆளுக்கு ஆள் ஒப்பிட்டால் அதன் பலனும் கடனின் பெயரில் போய்ச் சேரும். ஒரே ஆளின் கடன் கூடிய ஆண்டையும் குறைந்த ஆண்டையும் ஒப்பிட்டால் அந்தக் கலப்படம் விலகும். நிலையான முறை செய்வது இதுதான். ஆகவே ஐயா, சங்கத்தில் இப்போதைக்கு அப்படிச் சொல்ல வேண்டாம்.

சமவாய்ப்பு முறை ஆளுக்கு ஆள் உள்ள வேறுபாட்டையும் சேர்த்துக்கொள்வதால் அதன் பிழையளவு சிறியது. ஆனால் ஒட்டுறவு இருந்தால் அது கூறும் எண் தவறு. ஹவுஸ்மன் 1978-இல் சொன்னது இந்த இரண்டு எண்களையும் எதிரெதிரே வைத்துப் பார்க்கும் வழி. ஒரே ஒரு கெழு என்றால் கீழே உள்ளபடி. b கெழு, Var அதன் திட்டப்பிழையின் வர்க்கம், FE நிலையான முறை, RE சமவாய்ப்பு முறை:

```
H = (b_FE - b_RE)^2 / (Var(b_FE) - Var(b_RE))
```

வகுப்புக்காக நானே இட்ட எண்களைத் தருகிறேன். ஆண்டுச் சராசரி வளர்ச்சிக்கான சமன்பாட்டில் தொடக்க வருமானத்தின் கெழு நிலையான முறையில் −0.045, திட்டப்பிழை 0.010. சமவாய்ப்பு முறையில் −0.020, திட்டப்பிழை 0.006. வேறுபாட்டின் வர்க்கம் 0.000625. கீழே 0.000100-இலிருந்து 0.000036 போக 0.000064. வகுத்தால் H சுமார் 9.8. ஒரே ஒரு கெழுவைச் சோதிக்கும்போது 5 சதவீத எல்லை 3.84. வேறுபாடு தற்செயலாக வந்தது என்று சொல்ல முடியாது. இது அற்ப வேறுபாடும் அல்ல. ஐந்தாண்டுக் கணக்கில் முதல் எண்ணின்படி ஒரு நாடு தன் இலக்குக்கு உள்ள தூரத்தில் பாதியைச் சுமார் 14 ஆண்டில் கடக்கும், இரண்டாவதன்படி சுமார் 33 ஆண்டு பிடிக்கும்.

பாலக்காட்டிலிருந்து

அப்படியானால் நான் சொன்னதுதானே ஐயா? 9.8 வந்துவிட்டது. நிலையான முறையை எடுத்துக்கொண்டு போக வேண்டியதுதான்.

குப்பத்திலிருந்து

அங்கேதான் வளர்ச்சித் தரவு காலை வாரும். தொடக்க வருமானம் என்பது போன ஐந்தாண்டு முடிவில் இருந்த வருமானம். அதை உருவாக்கியதில் அதே மாறாத தன்மைக்கும் பங்கு உண்டு. ஆகவே ஒட்டுறவு இருக்கிறதா என்று சோதித்துத்தான் தெரிய வேண்டும் என்பதில்லை. சமன்பாட்டின் கட்டமைப்பிலேயே இருக்கிறது. நாஸ்ருல் இஸ்லாம் 1995-இல் 1960–85 தரவை ஐந்தாண்டு இடைவெளிகளாகப் பிரித்து நாட்டுத் தன்மையைச் சேர்த்தபோது, ஒருங்கல், அதாவது நாடு தன் இலக்கை நெருங்குவது, அதுவரை பேசப்பட்ட ஆண்டுக்கு 2 சதவீதம் என்பதைவிட வேகமாகக் கிடைத்தது.

ஆனால் நிலையான முறையும் இங்கே சுத்தம் இல்லை. ஒவ்வொரு நாட்டின் சராசரியையும் கழிக்கும்போது, அந்தச் சராசரிக்குள் இருக்கும் பிந்திய ஆண்டுகளின் பிழைகள் தொடக்க வருமானத்தோடு ஒட்டிக்கொள்கின்றன. நிக்கல் 1981-இல் காட்டியது இது. காலப்புள்ளிகள் ஐந்தோ ஆறோ என்றால் ஒருபக்கச் சாய்வு பெரிது, ஒருங்கல் உண்மையைவிட வேகமாகத் தெரியும். நாடுகளின் எண்ணிக்கையைக் கூட்டினாலும் தீராது. ஹவுஸ்மன் சோதனையோ இரண்டில் ஒன்று எப்படியும் நம்பத்தக்கது என்று வைத்துக்கொண்டுதான் தொடங்குகிறது. இங்கே ஒரு எண் மெதுவான பக்கம் சாய்கிறது, இன்னொன்று வேகமான பக்கம் சாய்கிறது. உண்மை பெரும்பாலும் −0.020-க்கும் −0.045-க்கும் நடுவே எங்கோ இருக்கும். 9.8 என்பது இரண்டும் ஒத்துப்போகவில்லை என்று மட்டும் சொல்லும். எது சரி என்று சொல்லாது.

தொடக்க வருமானம் இல்லாத சமன்பாட்டில் இந்தத் தொல்லை குறைவு. அங்கேயும் கணினி சில நேரம் எதிர்மறை H தரும். H எதிர்மறையாக வந்தால் பிழையளவு பற்றிய அனுமானம் உடைந்திருக்கிறது என்று பொருள். அதைப் பூச்சியம் என்று படித்துச் சமவாய்ப்பு முறைக்குத் தாவுபவர்களைப் பார்த்திருக்கிறேன். அதற்குப் பதில் ஒவ்வொரு மாறியின் நாட்டுச் சராசரியையும் சமவாய்ப்பு முறையில் கூடுதலாகச் சேர்த்து, அந்தச் சராசரிகளின் கெழுக்கள் எல்லாம் பூச்சியமா என்று பார்க்கலாம்.

கொழிஞ்சாம்பாறையிலிருந்து

ஐயா, நன்றி. அப்படியானால் பெயர் ஒட்டுறவிலிருந்து பிறக்க வேண்டும். நாட்டின் மாறாத தன்மைக்கு ‘தனியியல்பு’ என்று வைப்போம். ‘பிணைந்த தனியியல்பு’, ‘பிணையாத தனியியல்பு’. எந்த அனுமானத்தில் நிற்கிறோம் என்பது பெயரிலேயே தெரியும். சராசரியைக் கழிக்கும் மதிப்பீட்டுக்கு ‘உள்நாட்டு மதிப்பீடு’ என்று ஒரு மாணவி எழுதியிருந்தாள். கேட்க அழகாக இருக்கிறது, ஆனால் உள்நாட்டு உற்பத்தி பக்கத்திலேயே நிற்கும்போது குழப்பம்தான். ‘அகவேறுபாட்டு மதிப்பீடு’ எப்படி?

நகரியிலிருந்து

‘பிணைந்த’ நன்றாக இருக்கிறது. எனக்கே புரிந்துவிட்டது. கடன் விஷயத்தை ஆள் ஆளாகப் பிரித்து மறுபடி பார்க்கிறேன். ஆனால் கடன் வாங்காமலே இருந்தவர்கள் சிலர் உண்டு, எல்லா ஆண்டும் பூச்சியம். அவர்களை என்ன செய்வது?

குப்பத்திலிருந்து

அவர்களின் கடன் மாறவே இல்லை, ஆகவே கடனின் கெழுவுக்கு அவர்களிடமிருந்து நேரடியாக எதுவும் கிடைக்காது. கடற்கரை இல்லாத நாடு என்ற மாறிக்கும் இதே கதிதான், அகவேறுபாட்டில் அது முழுவதுமாக மறைந்துவிடும். அந்தச் சொல்லை ஏற்கிறேன். ‘பிணையாத’ பற்றித்தான் தயக்கம். இலங்கையில் ‘எழுமாற்று’ என்கிறார்கள், நாம் ‘சமவாய்ப்பு’ என்கிறோம். மூன்றாவதாக ஒன்றை நுழைத்தால் பழைய நூல்களைப் படிக்கும் பிள்ளை எப்படிக் கண்டுபிடிப்பான்?

பாலக்காட்டிலிருந்து

தேர்வுத்தாளில் ‘சமவாய்ப்பு’ என்றுதான் வரும் அம்மா. நான் அப்படியே எழுதப்போகிறேன். ஆனால் 0.05 விதியை வளர்ச்சித் தரவுக்கு இனி எழுத மாட்டேன்.